சம்பளம் குறையப்போகிறது என்று தெரிந்தால் எத்தனை வருடக் கடன்?

கணவருக்கு மாதம் 65,000 ரூபாய் சம்பளம். மனைவி தனியார் மருத்துவமனையில் நர்ஸ், 40,000 வாங்குகிறார். இரவுப் பணி உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை, ஐந்து வருடத்தில் வேலையை விட்டுவிடுவது என்று இருக்கிறார். இப்படி ஒரு தம்பதி 40 லட்சம் ரூபாய் வீட்டுக்கடன் கேட்டுப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

8.5 சதவீத வட்டியில் 15 வருடக் கடன் என்றால் இஎம்ஐ சுமார் 39,400 ரூபாய். 25 வருடம் என்றால் 32,200. மாதம் 7,200 ரூபாய்தான் வித்தியாசம். ஆனால் கடைசிவரை கட்டும் வட்டியைக் கூட்டினால் முதலாவதில் 30.9 லட்சம், இரண்டாவதில் 56.6 லட்சம். இதைப் பார்த்ததும் பலரும் 15 வருடமே மேல் என்பார்கள். ஐந்து வருடம் கழித்து ஒற்றைச் சம்பளத்தில் 39,400 கட்ட வேண்டும் என்பதை அப்போது யாரும் நினைப்பதில்லை. 65,000-ல் அது பத்தில் ஆறு பங்கு.

அப்போது வங்கியில் தவணைக் காலத்தை நீட்டித்துக் கேட்கலாமே என்று தோன்றும். கேட்கலாம்தான். ஆனால் வங்கி அன்றைய வருமானத்தை வைத்துத்தான் முடிவு செய்யும். கட்ட முடியாமல் போய்க் கேட்டால் அது கடன் மறுசீரமைப்பு என்று பதிவாகவும் கூடும். வேறு வங்கிக்குக் கடனை மாற்றப் போனாலும் சம்பளச் சீட்டைத்தான் முதலில் கேட்பார்கள். நீண்ட தவணை சுலபமாகக் கிடைப்பது இரண்டு சம்பளம் வரும் இன்றைக்குத்தான்.

அதனால் 25 வருடத்துக்கு வாங்கிக்கொண்டு, முதல் ஐந்து வருடம் 15 வருடக் கடன்போலக் கட்டுவதே இவர்களுக்குப் பொருந்தும். ஃப்ளோட்டிங் வட்டியில் தனிநபர் வாங்கும் வீட்டுக்கடனை முன்கூட்டியே அடைக்க அபராதம் கிடையாது. மாதம் 7,200 கூடுதலாகக் கட்டிவந்தால் ஐந்து வருட முடிவில் மீதி அசல் சுமார் 31.8 லட்சம். 15 வருடக் கடனிலும் அதேதான் இருந்திருக்கும். அதன்பிறகு 32,200-க்கு இறங்கிக்கொண்டால் கடன் 19 வருடம் 2 மாதத்தில் தீரும். மொத்த வட்டி 38.4 லட்சம். ஆக, சம்பளம் குறையும்போது இஎம்ஐயும் குறைவதற்கு இவர்கள் கொடுக்கும் விலை ஏழரை லட்சம். அந்த விலை நியாயமானது என்பது என் கருத்து.

65,000-ல் 32,200 கட்டுவதும் பாரம்தான், பாதிச் சம்பளம் போய்விடும். அந்தக் கட்டத்தில் இன்னொரு வழி உண்டு. கூடுதலாகப் பணம் கட்டும்போது பெரும்பாலும் வங்கி இஎம்ஐயை அப்படியே வைத்துத் தவணைக் காலத்தைக் குறைத்துவிடும். மீதியுள்ள 20 வருடத்தையும் வைத்துக்கொண்டு இஎம்ஐயைக் குறைக்கச் சொல்லி எழுதிக்கொடுத்தால், வங்கி ஒப்புக்கொள்ளும் பட்சத்தில், அது 27,600-க்கு வரும். மொத்த வட்டி 49.8 லட்சமாக ஏறும். மனைவிக்கு வேறு வருமானமே இருக்காது என்றால் மட்டும் இதைத் தொடலாம்.

கூடுதல் பணம் அசலில்தான் கழிகிறதா என்று முதல் மாதமே பார்த்துவிட வேண்டும். சில இடங்களில் அதை அடுத்த தவணைக்கான முன்பணமாக ஒதுக்கி வைத்துவிடுகிறார்கள், வட்டி ஒரு ரூபாய்கூடக் குறையாது. முதல் இஎம்ஐ 32,200-ல் 28,333 ரூபாய் வட்டிக்கே போகும். கூடுதல் 7,200-உம் அசலில் சேர்ந்திருந்தால் ஸ்டேட்மென்ட்டில் மீதிக் கடன் ஏறத்தாழ 39.89 லட்சம் என்று இருக்கும். 39.96 லட்சம் என்று இருந்தால் சேரவில்லை, உடனே எழுதிக் கேளுங்கள்.

இஎம்ஐயில் இவ்வளவு வட்டி இருப்பதால் இன்னொரு ஆபத்தும் உண்டு. 2022 மே மாதம் 4 சதவீதமாக இருந்த ரெப்போ விகிதம் 2023 பிப்ரவரிக்குள் 6.5 ஆனது. அப்போது பலருடைய இஎம்ஐ மாறவில்லை, தவணைக் காலம் நீண்டுகொண்டே போனது. நம் கணக்கில் கடன் வாங்கிய சில மாதங்களிலேயே வட்டி 10 சதவீதம் ஆனால் மாத வட்டி மட்டும் 33,000-ஐத் தாண்டும். 32,200 அதற்கே போதாது. வட்டி மாறும்போது இஎம்ஐயைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று கடன்காரரிடம் கேட்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்ட்டில் உத்தரவிட்டது. இரண்டு சம்பளம் வரும்வரை இஎம்ஐயைக் கூட்டச் சொல்வதே சரி.

அந்த 7,200-ஐச் சம்பளம் வந்த மறுநாளே வங்கியிலிருந்து தானாக எடுத்துக்கொள்ளும்படி ஏற்பாடு செய்துவிடுங்கள். இரண்டு சம்பளம் வரும்போதே அதைக் கட்ட முடியாது என்று தோன்றினால் 40 லட்சம் உங்களுக்கு அதிகம். கடன் தொகையைக் குறையுங்கள்.