பத்து கிலோவும் ஜோம்சோம் காற்றும்

முக்திநாத் யாத்திரைக்குப் பணம் கட்டியவர்களின் வாட்ஸ்ஆப் குழுவில், கிளம்புவதற்குச் சில நாள் முன்பு இப்படி ஒரு தகவல் வரும்: "பொக்ரா ஓட்டல் வாசலில் காலை 5 மணிக்குத் தயாராக இருக்கவும். பை 10 கிலோ, கைப்பை 5 கிலோ. அசல் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை கட்டாயம்."

இதைப் படித்ததும், "கோயிலுக்குப் போக இவ்வளவு கெடுபிடியா?" என்று சிலருக்குக் கோபம் வரும். ஆனால் நேரத்தை முடிவு செய்வது அமைப்பாளர் அல்ல, காற்று. பொக்ராவிலிருந்து ஜோம்சோமுக்கு விமானத்தில் இருபது நிமிடம்தான். வழி காளி கண்டகி பள்ளத்தாக்கு. வெயில் ஏற ஏற அந்தப் பள்ளத்தாக்கில் காற்று பலமாக வீசத் தொடங்கும். முற்பகலுக்குப் பிறகு விமானம் இறங்க முடியாது. அதனால் எல்லா விமானங்களும் காலையிலேயே பறந்து முடிக்க வேண்டும். தாமதமாக வந்து விமானத்தைத் தவறவிட்டால், பேனி வழியாக ஜீப்பில் மலைப்பாதையில் ஒரு பகல் முழுக்கக் குலுங்கிக்கொண்டு போக வேண்டியதுதான்.

எடைக் கணக்கும் அப்படித்தான். இருபது பேருக்கும் குறைவாக ஏறும் சிறிய விமானம் அது. ஜோம்சோம் சுமார் 2,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெலிந்திருப்பதால் விமானம் மேலெழும்புவது கடினம், ஓடுபாதையும் குட்டை. எனவே ஒவ்வொரு பையையும் நிறுத்துத்தான் ஏற்றுவார்கள்.

பெரிய பெட்டியைப் பொக்ரா ஓட்டலிலேயே விட்டுவிட்டு, ஓரிரவுக்கு வேண்டியதை மட்டும் எடுங்கள்: ஸ்வெட்டர், குல்லா, மழைக்கோட்டு. கோயிலில் 108 தாரைகளில் பனிபோல் குளிர்ந்த நீர் கொட்டும். நனைந்த துணியோடு நின்றால் உடம்பு தாங்காது என்பதால் துண்டும் மாற்றுத் துணியும் கையிலேயே இருக்கட்டும். மாத்திரைகளும் கைப்பையில்தான். எடை மிஞ்சினால் பைகள் அடுத்த விமானத்தில் வருவதுண்டு. சர்க்கரை மாத்திரை அதற்காகக் காத்திருக்காது. கற்பூரமும் தீப்பெட்டியும் விமானத்தில் ஏறாது. பவர் பேங்க் கைப்பையில் மட்டும்.

அதிகம் பேர் சிக்குவது ஆதார் அட்டையில்தான். 15 முதல் 65 வயது வரை உள்ள இந்தியர் நேபாளத்துக்கு விமானத்தில் போக அது போதாது. டிக்கெட்டில் உள்ள பெயர், கொண்டுபோகும் அட்டையில் உள்ளபடியே இருக்க வேண்டும். இனிஷியலை நாம் விரித்தும் சுருக்கியும் எழுதுவதால், பெயர் கொடுக்கும்போதே அட்டையின் படத்தை அனுப்பிவிடுவது நல்லது. செலவுக்கு நூறு ரூபாய் நோட்டுகளாக வைத்துக்கொண்டால் எங்கும் பேச்சில்லை.

தகவலில் பெரும்பாலும் விட்டுப்போவது ஒன்றுண்டு. ஜோம்சோமிலிருந்து திரும்பும் விமானமும் காலையில்தான், மேகம் மூடினால் அதுவும் ரத்தாகும். பொக்ராவிலிருந்து ஊர் திரும்பும் டிக்கெட்டை அதே நாளில் போடாமல், நடுவே ஒரு நாள் விட்டுப் போடச் சொல்லுங்கள்.