முதுகில் பாரமின்றித் தொடை வளர

பேக் ஸ்குவாட்டில் கம்பியின் எடை முழுவதும் முதுகெலும்பு வழியாகத்தான் கால்களுக்கு இறங்குகிறது. கீழ்முதுகு வட்டு பாதிக்கப்பட்டவருக்குச் சிக்கல் அங்கேதான். தொடைத் தசைக்கோ எடை எந்த வழியாக வந்தது என்பது பொருட்டல்ல. தன்மேல் எவ்வளவு விழுகிறது, களைப்பின் விளிம்புவரை உழைக்கிறதா என்பதே கணக்கு.

70 கிலோ உடலுள்ள ஒருவர் 100 கிலோ கம்பியைச் சுமந்தால், தோராயமாக ஒரு காலுக்கு 85 கிலோ. அவரே பின்காலைப் பெஞ்சில் வைத்து, கைக்கு 20 கிலோ டம்பெல் பிடித்து ஸ்பிளிட் ஸ்குவாட் செய்தால் மொத்தம் 110 கிலோ. அதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு, அதாவது 88 கிலோ, முன்காலில் விழும். முதுகு தாங்கும் கூடுதல் எடையோ 40 கிலோதான்.

பெஞ்ச் முழங்கால் உயரத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் பின்காலின் இடுப்புத் தசை இழுபட்டு, கீழ்முதுகு வளையும்; காப்பாற்ற வந்த பயிற்சியே வலியைக் கிளப்பும். பின்தொடை முதலில் சோர்ந்தால், பின்காலால் உந்துகிறார் என்று பொருள். காலுக்கு 8 முதல் 12 முறை, மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றும் இன்னும் ஓரிரு முறையே முடியும் என்ற நிலையில் நிற்க வேண்டும்.

லஞ்சில் ஒவ்வொரு அடியிலும் சமநிலை தேட வேண்டியிருப்பதால் எடையைக் கூட்டுவது கடினம். பின்னோக்கி அடிவைத்தால் முழங்காலுக்குச் சற்று இதம். இரண்டிலும் நேரம் இரட்டிப்பாகும். தொடைக்கு முன்பே கைப்பிடி தளர்வதும் உண்டு, அதற்குப் பிடிப்பட்டை போதும். வலி காலுக்குள் பரவினாலோ மரத்துப்போனாலோ பயிற்சியை நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும்.