வீடியோவிலிருந்து காகிதத்துக்கு

தையல் வீடியோவைப் பார்த்துக்கொண்டே துணியை வெட்டாதீர்கள், சகோதரிகளே! முதலில் பென்சிலை எடுங்கள். தலையணை உறை தைத்துக் காட்டும் அம்மாள் சொல்லும் அளவு அவருடைய தலையணைக்குத்தான் பொருந்தும். கத்தரியை எடுக்குமுன் அவர் சொல்வது பெரும்பாலும் வெட்டும் அளவு. தையலுக்கும் மடிப்புக்கும் விட்ட துணியும் அதில் சேர்ந்திருக்கும். அதைத் தனியே பிரித்து எழுதிக்கொண்டால், உங்கள் தலையணைக்குக் கணக்குப் போடலாம். அது 27 அங்குல நீளம், 17 அங்குல அகலம் என்று வைத்துக்கொள்வோம்.

அளவு: நீளத்துக்கு முன்பக்கம் 27, பின்பக்கம் 27, வாய் மூட 6, ஓர மடிப்புக்கு 2, ஆக 62 அங்குலம். அகலம் 17, இரு பக்கத் தையலுக்கு அரை அரை அங்குலம், ஆக 18.

தேவையானவை: ஒன்றே முக்கால் மீட்டர் பருத்தித் துணி, அதே நிற நூல், கத்தரி, டேப், குண்டூசி.

செய்முறை:

1. துணியை நனைத்து உலர்த்தி, இஸ்திரி போட்டு, அளந்து வெட்டவும்.
2. குறுகிய ஓரங்கள் இரண்டையும் அரை அங்குலமாக இருமுறை மடித்துத் தைக்கவும்.
3. நல்ல பக்கம் மேலே இருக்க விரித்து, இரு முனைகளும் நடுவில் 6 அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று வருமாறு மடித்து, குண்டூசி குத்தவும்.
4. திறந்திருக்கும் இரு பக்கங்களையும் அரை அங்குலம் விட்டுத் தைத்து, உள்ளே இருப்பதை வெளியே புரட்டவும்.

மூன்றாவது படியில் டேப் வைத்துப் பாருங்கள். நீளம் 27-க்குப் பதில் 26 வந்தால், ஓர மடிப்பின் 2 அங்குலத்தைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்!