கூகுளில் கருப்பட்டி தேடுகிறவர்கள்

உடன்குடிக் கருப்பட்டி விற்கும் சிறிய இணையக்கடை ஒன்றை வைத்துக்கொள்வோம். பக்கத் தலைப்பு ‘பொருள் 12’ என்றிருந்தால் கூகுளுக்கும் புரியாது, வாங்குபவருக்கும் புரியாது. ‘உடன்குடி பனங்கருப்பட்டி 1 கிலோ’ என்று தொடங்கி, கடைப்பெயரைக் கடைசியில் வையுங்கள். நீண்ட தலைப்பின் வால் தேடல் முடிவில் வெட்டுப்பட்டுவிடும்.

சிலர் ‘பனைவெல்லம்’ என்று தேடுவார்கள், சிலர் karupatti என்று தட்டுவார்கள். இரண்டும் விவரிப்பில் இயல்பாக ஒருமுறை வந்தால் போதும். பக்கத்தின் நிரலுக்குள் ஒளித்துவைக்கும் meta keywords பட்டியலைத் தரவரிசைக்குக் கணக்கில் எடுப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது. அதை எழுதித்தரக் காசு கேட்பவரிடம் ஏமாறாதீர்கள்.

படத்தின் விவரிப்பு, அதைப் பார்க்காதவருக்குச் சொல்வதுபோல் இருக்கட்டும். பார்வையற்றோரின் திரைவாசிப்பு மென்பொருளும் இதைத்தான் படிக்கிறது:

```
alt="ஓலைப்பெட்டியில் வட்டக் கருப்பட்டி"
```

பத்துப் பொருளுக்கு எட்டு வகைப்பிரிவு வேண்டாம். ‘பனைப்பொருள்கள்’, அதற்குள் ‘கருப்பட்டி’, ‘பனங்கற்கண்டு’ போதும். எந்தப் பிரிவிலிருந்தும் இணைப்பில்லாத பக்கத்தைக் கூகுள் கண்டுபிடிக்காமலே போகலாம்.

சில வாரம் கழித்து, இலவசமாகக் கிடைக்கும் Google Search Console-ஐத் திறந்து பாருங்கள். தேடலில் முன்வரிசையில் வந்தும் யாரும் சொடுக்கவில்லை என்றால், முதலில் தலைப்பை மாற்றிப் பாருங்கள்.