அண்ணாந்து பார்த்தால்தான் அதிகாரமா? ஒரு காட்சியை ஆராயும் முதலாண்டுக் கட்டுரை

விஷுவல் கம்யூனிகேஷன் அல்லது திரைப்படக் கல்வி படிக்கும் முதலாண்டு மாணவர்கள் எழுதும் கட்டுரைகளில் ஒன்று காட்சி ஆய்வு. ஒரு படத்திலிருந்து ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு, அதில் கேமரா எங்கே நிற்கிறது, எந்தக் கோணத்தில் பார்க்கிறது, ஒளி எங்கிருந்து விழுகிறது, இவையெல்லாம் சேர்ந்து பார்ப்பவரை என்ன நினைக்க வைக்கின்றன என்று எழுத வேண்டும். படத்தின் கதையோ நடிப்போ இதில் மையம் இல்லை. திரையில் கண்ணுக்குத் தெரிவதைச் சான்றாகக் காட்டி ஒரு கருத்தை நிறுவ முடிகிறதா என்பதுதான் சோதனை.

காட்சியைத் தேர்ந்தெடுக்கும்போதே பாதி வேலை முடிந்துவிடும், அல்லது கெட்டுவிடும். சண்டைக் காட்சியில் ஷாட்டுகள் நூறைத் தாண்டும். அத்தனையையும் சிறு கட்டுரைக்குள் அடக்க முடியாது. சில நிமிடங்களே ஓடி, ஷாட்டுகள் குறைவாக இருந்து, தொடக்கத்திலிருந்து முடிவதற்குள் இரண்டு பேருக்கு இடையே ஏதோ ஒன்று மாறுகிற காட்சிதான் தோதானது. 1972இல் வந்த ‘த காட்ஃபாதர்’ படத்தின் முதல் காட்சி அப்படிப்பட்டது. இயக்கம் ஃபிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலா, ஒளிப்பதிவு கார்டன் வில்லிஸ். மகளை அடித்துத் தாக்கியவர்களை நீதிமன்றம் தண்டிக்காமல் விட்டுவிட்டது என்று பொனசெரா என்ற ஒருவர் டான் விட்டோ கொர்லியோனியிடம் முறையிட வருகிறார். வெளியே டானின் மகளுக்குக் கல்யாணம். உள்ளே இருண்ட அறை.

எழுத உட்காரும் முன் காட்சியை ஒலியை அணைத்துவிட்டு ஒருமுறை பார்ப்பது நல்லது. வசனம் காதில் விழும்வரை கவனம் கதையின் பின்னால்தான் போகும். பிறகு ஒவ்வொரு ஷாட்டையும் நிறுத்தி நிறுத்திக் குறிப்பெடுக்க வேண்டும். ஷாட் தொடங்கும் நேரம், சட்டகத்தில் யார் எவ்வளவு பெரிதாக இருக்கிறார், கேமரா அவருடைய கண்மட்டத்தில் இருக்கிறதா, மேலேயா, கீழேயா, கேமரா அசைகிறதா, முகத்தில் நிழல் எங்கே விழுந்திருக்கிறது. இவ்வளவு போதும். இந்தக் கட்டத்தில் ‘அச்சம்’, ‘அதிகாரம்’, ‘தனிமை’ போன்ற சொற்களை எழுதக் கூடாது. கண்டதை மட்டும் எழுத வேண்டும். கண்டதும் கருதியதும் ஒரே வரியில் கலந்துவிட்டால், பின்னால் எது சான்று, எது முடிவு என்று எழுதியவருக்கே தெரியாமல் போகும்.

இந்தக் காட்சியின் முதல் ஷாட்டை இப்படிக் குறிப்பெடுக்கலாம். திரை கறுப்பாக இருக்கிறது. குரல் முதலில் வருகிறது. பிறகு பொனசெராவின் முகம் மட்டும், நேருக்கு நேராக, குளோஸ்-அப்பில் தெரிகிறது. அவரைச் சுற்றி எதுவும் இல்லை, வெறும் இருட்டு. அவர் பேசப் பேசச் சட்டகம் மிக மெதுவாக விரிகிறது. தோள் தெரிகிறது, நாற்காலி தெரிகிறது, மேசை தெரிகிறது. கடைசியில் முன்புறத்தில் ஒருவரின் தலையும் தோளும் கறுப்பு உருவமாக உள்ளே வருகின்றன. அந்த உருவத்தின் கை லேசாக அசைந்ததும் அழுதுகொண்டிருப்பவருக்கு யாரோ கோப்பை கொண்டுவந்து கொடுக்கிறார்கள். ஏறக்குறைய மூன்று நிமிடம் நீளும் இந்த ஷாட்டில் வெட்டே கிடையாது. டானின் முகத்தை நாம் பார்ப்பது அதற்குப் பிறகுதான்.

இங்கே மாணவர்கள் வழக்கமாகத் தவறும் இடம் ஒன்று உண்டு. ‘கேமரா மெதுவாகப் பின்னால் நகர்கிறது’ என்று எழுதிவிடுவார்கள். உண்மையில் கேமரா நகரவில்லை. லென்ஸ் மட்டும் ஜூம் அவுட் ஆகிறது. இரண்டையும் பிரித்தறிவது எளிது. டிராலியில் கேமரா பின்னே போனால், அருகில் உள்ள பொருளும் தூரத்தில் உள்ள பொருளும் வெவ்வேறு வேகத்தில் சிறுத்து, அவற்றுக்கு இடையிலான அளவு விகிதம் மாறும். ஜூமில் எல்லாம் ஒரே விகிதத்தில் சிறுக்கும். ஒரு புகைப்படத்தை நடுவிலிருந்து விரித்துக் காட்டியது போல ஓரங்கள் மட்டும் கூடும். இந்த வேறுபாட்டை வெறும் தொழில்நுட்பச் சங்கதி என்று தள்ளிவிட முடியாது. கேமரா நகரவில்லை என்றால், அது முதல் நொடியிலிருந்தே டானின் முதுகுப்புறம் நின்றுகொண்டிருந்திருக்கிறது. பொனசெராவோடு தனியாக இருந்ததாக நினைத்த பார்வையாளர், தான் தொடக்கம் முதலே டானின் பக்கம் இருந்ததை மூன்று நிமிடம் கழித்துக் கண்டுகொள்கிறார். கட்டுரையின் மிக வலுவான வாதம் இப்படி ஒரு சின்னக் குறிப்பிலிருந்து பிறக்கக்கூடும்.

அடுத்தது கோணம். பாடப்புத்தகத்தில் எல்லோரும் படிக்கும் விதி ஒன்று இருக்கிறது: லோ ஆங்கிள் என்றால் பாத்திரம் வலிமையானது, ஹை ஆங்கிள் என்றால் பலவீனமானது. பெரும்பாலான முதலாண்டுக் கட்டுரைகள் இந்த விதியைக் காட்சியின் மேல் ஒட்டிவிட்டு நின்றுவிடுகின்றன. ‘காட்ஃபாதர்’ காட்சியில் இந்த விதி உதவாது. அந்த அறையில் எல்லோரையும்விட அதிகாரம் உள்ளவர் டான். ஆனால் அவரை அண்ணாந்து பார்த்துப் பெரிதாக்கிக் காட்டும் அழுத்தமான லோ ஆங்கிள் எதையும் வில்லிஸ் நாடவில்லை. கேமரா பெரும்பாலும் உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டத்தை ஒட்டியே இருக்கிறது. டானோ மடியில் பூனையை வைத்துத் தடவிக்கொண்டு, தாழ்ந்த குரலில் பேசுகிறார். அப்படியானால் அதிகாரம் எங்கிருந்து வருகிறது? கட்டுரை எழுப்ப வேண்டிய கேள்வி இதுதான்.

பதிலின் ஒரு பகுதி ஒளியில் இருக்கிறது. முகத்தில் நிழல் விழும் இடத்தைப் பார்த்தாலே விளக்கு இருக்கும் இடத்தைச் சொல்லிவிடலாம். டானின் புருவத்துக்குக் கீழே கண்குழி இருண்டிருக்கிறது. நெற்றியும் கன்னமும் மட்டும் வெளிச்சத்தில் இருக்கின்றன. கண்மணியில் விளக்கின் பிரதிபலிப்பாகத் தெரியும் சிறு புள்ளி பெரும்பாலும் இல்லை. ஆகவே முதன்மை ஒளி தலைக்கு மேலிருந்து வருகிறது. நிழலை நிரப்பும் ஃபில் லைட் மிகக் குறைவு. அந்தக் கால ஹாலிவுட்டில் நட்சத்திரத்தின் கண் தெரியாமல் படமெடுப்பது வழக்கத்துக்கு மாறானது. மார்லன் பிராண்டோவின் ஒப்பனைக்கு மேலொளி பொருந்தியதால் அதைத் தேர்ந்ததாகவும், டான் என்ன நினைக்கிறார் என்பது சில இடங்களில் தெரியாமல் இருப்பதே நல்லது என்று கருதியதாகவும் வில்லிஸ் பின்னாளில் விளக்கியிருக்கிறார்.

இப்படிப்பட்ட தகவல் கிடைத்தால் கட்டுரையில் சேர்க்கலாம். ஆனால் அதை வாதமாக்கிவிடக் கூடாது. ஒளிப்பதிவாளர் ஏன் அப்படிச் செய்தார் என்பது தயாரிப்பு வரலாறு. அது திரையில் என்ன செய்கிறது என்பதுதான் ஆய்வு.

இனி வாதத்தை எதிர்ப்பக்கத்திலிருந்து சோதிக்க வேண்டும். ‘டானின் கண்கள் நிழலில் இருப்பதால் அவர் அதிகாரம் மிக்கவர்’ என்று எழுதினால், மதிப்பிடும் ஆசிரியர் உடனே ஒன்று கேட்பார்: பொனசெராவின் முகத்திலும் மேலிருந்துதானே ஒளி விழுகிறது, அவருடைய கண்குழியும் இருண்டுதானே இருக்கிறது? கேள்வி நியாயமானது. ஒரே ஒளி இருவர் மேலும் விழுகிறது என்றால் ஒளியை மட்டும் வைத்து ஏற்றத்தாழ்வைச் சொல்ல முடியாது. வேறுபாடு ஒளியும் கேமராவும் சேரும் இடத்தில் இருக்கிறது. பொனசெராவின் முகத்தைக் கேமரா நிமிடக்கணக்கில் விடாமல் பார்க்கிறது; அவர் அழுவதற்கு மறைவிடமே இல்லை. டானின் முகமோ முதலில் காட்டப்படவே இல்லை. காட்டிய பிறகும் கண்கள் தெளிவாகத் தெரிவதில்லை. ஒருவர் முழுக்கப் பார்க்கப்படுகிறார். இன்னொருவர் பார்க்கிறார், தன்னைப் பார்க்க விடுவதில்லை. இந்தக் காட்சியில் அதிகாரம் என்பது உயரத்தில் இல்லை, மறைப்பில் இருக்கிறது. கட்டுரையின் மையக் கருத்தாக வைக்க இந்த ஒரு வரி போதும்.

மையக் கருத்து கிடைத்ததும் பத்திகள் தாமாக வரிசைக்கு வரும். ஆனாலும் பத்திக்குள் என்ன நடக்கிறது என்பதில்தான் மதிப்பெண் ஏறும், இறங்கும். பலவீனமான பத்தி பெரும்பாலும் இப்படி இருக்கும்: ‘பொனசெரா தன் மகளுக்கு நேர்ந்ததைச் சொல்லி அழுகிறார். டான் கோபமாக இருக்கிறார். இருண்ட ஒளியமைப்பு மர்மமான சூழலை உருவாக்குகிறது.’ முதல் இரண்டு வாக்கியமும் கதை. மூன்றாவது, எந்தக் குற்றப் படத்துக்கும் பொருந்தும். அதையே இப்படித் திருத்தலாம்: ‘கோப்பை கொண்டுவரச் சொல்லும் கை சட்டகத்தின் முன்புறத்தில் கறுப்பாக, ஃபோகஸ் இல்லாமல் தெரிகிறது. கைக்கு உரியவரின் முகத்தை இன்னும் காட்டவில்லை. ஆனால் அந்த அசைவுக்கு அறையே கீழ்ப்படிகிறது. யார் என்று தெரியும் முன்பே அவருடைய கட்டளை நிறைவேறுவதைப் பார்வையாளர் கண்டுவிடுகிறார்.’ இதில் நேரத்தையும் குறித்துவிட்டால் படிப்பவர் சரிபார்த்துக்கொள்ளலாம். கதைச் சுருக்கத்தைக் கட்டுரையின் தொடக்கத்தில் மூன்று நான்கு வாக்கியங்களோடு முடித்துவிட வேண்டும். பிறகு அந்தப் பக்கம் திரும்பக் கூடாது.

காட்சியின் எல்லைக்கு வெளியே ஒரே ஒரு இடத்தை மட்டும் தொடலாம். டானின் அறையிலிருந்து படம் திருமண விருந்துக்கு வெட்டுகிறது. அங்கே வெயில் திரை முழுக்கப் பரவி, ஓரளவு மிகையாகவே ஒளியேற்றப்பட்டிருக்கிறது. அந்த வெட்டை வைத்துப் பார்த்தால், மூடிய ஜன்னல் தட்டிகளின் இடுக்கில் கசியும் வெளிச்சத்துக்கும் பொருள் கிடைக்கிறது. வெளியே பகல், உள்ளே இருள் வேண்டுமென்றே வைக்கப்பட்டது.

பார்க்கும் பிரதியும் கருவியும் முடிவைப் பாதிக்கும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. இருண்ட காட்சியைப் பகல் வெளிச்சத்தில் மொபைலில் பார்த்தால் நிழலுக்குள் இருக்கும் சுவர், மரச்சாமான், ஆட்கள் எல்லாம் ஒரே கறுப்பாகிவிடும். ‘பின்னணியில் ஒன்றுமே இல்லை’ என்று தவறாக எழுத நேரும். திரையின் பிரகாசத்தைக் கூட்டி வைத்தால் இருக்க வேண்டிய நிழல் வெளுத்துப்போகும். இந்தப் படம் 2008இல் மீட்டுருவாக்கம் செய்யப்பட்டது. பழைய வீடியோ பிரதிகளில் நிறமும் இருளும் அதைப் போல இருக்காது. எனவே எந்தப் பிரதியைப் பார்த்து எழுதியது என்று கட்டுரையில் ஒரு வரி குறிப்பிடுவது முறை.

ஒரு படத்தில் கண்ட முடிவை இன்னொரு படத்துக்குத் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது. ‘காட்ஃபாத’ரின் தாக்கம் உள்ள ‘நாயகன்’ 1987இல் வந்தது. அதன் ஒளிப்பதிவுக்காகப் பி.சி. ஸ்ரீராம் தேசிய விருது பெற்றார். வேலு நாயக்கரின் காட்சி ஒன்றை எடுத்து எழுதும் மாணவர், அங்கே ஒளி எந்தப் பக்கமிருந்து வருகிறது, கேமரா எந்த உயரத்தில் நிற்கிறது என்ற குறிப்பை முதல் ஷாட்டிலிருந்து புதிதாகவே எடுக்க வேண்டும்.