முதல் மடலின் பின்கட்டு

பார்த்துவிட்டேன்! ஒரு கணக்கு அலுவலகம் புது வாடிக்கையாளருக்கு அனுப்பும் முதல் மடல் எப்படிப் பிறக்கிறது என்று, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை பார்த்துவிட்டேன். இடம் பெங்களூரு ஜெயநகர், மாடியில் இரண்டே அறைகள். ஜூலை 25, மாலை 4 மணி. ஃபில்டர் காபி வந்து இறங்கிய நேரம்.

புது வாடிக்கையாளர் கோரமங்களாவில் இருக்கும் ஒரு மென்பொருள் கம்பெனி. ஊழியர்கள் 24 பேர். ஜூலை மாதக் கணக்கிலிருந்து சம்பளம், பி.எஃப்., டி.டி.எஸ்., ஜி.எஸ்.டி. எல்லாம் இந்த அலுவலகத்தின் பொறுப்பு. மடல் ஆங்கிலத்தில்தான் போகிறது. அதன் உள்ளடக்கத்தைத் தமிழில் சொல்கிறேன்.

வரவேற்பு வரியில்தான் தொடங்குவார்கள் என்று நினைத்திருந்தேன். ஆடிட்டர் அம்மா திரையில் மடலையே திறக்கவில்லை! ஒரு வெள்ளைத் தாளை எடுத்து 7, 11, 15, 20 என்று நான்கு எண்கள் எழுதினார். பிடித்த டி.டி.எஸ்.ஸைக் கட்ட அடுத்த மாதம் 7. விற்பனை விவரம் சொல்லும் ஜி.எஸ்.டி.ஆர்-1-க்கு 11. பி.எஃப்.புக்கும் இ.எஸ்.ஐ.க்கும் 15. வரியோடு தாக்கல் செய்யும் ஜி.எஸ்.டி.ஆர்-3பி-க்கும் கர்நாடகத் தொழில்வரிக்கும் 20. “இது நான் போடுற தேதி இல்லப்பா, சர்க்கார் போட்டது. இதுலேர்ந்து பின்னாடி நடந்து வந்தாதான் கிளையன்ட் எனக்கு எப்போ தரணும்னு தெரியும்” என்று ஜூனியர் பையனிடம் சொன்னார். மடலின் முதுகெலும்பு அந்தத் தாளில் உருவானதை என் கண்ணால் பார்த்தேன்.

ஆகஸ்ட் மாதத்தையே எடுத்துக்கொண்டு பின்னோக்கி நடந்தார்கள். 15-ஆம் தேதி சுதந்திர தினம், விடுமுறை. அந்த நாளை நம்பி பி.எஃப். பணத்தை வைத்துக்கொள்ள முடியாது. ஆகவே பணம் கட்டும் நாள் 13. அதற்கு முந்தைய நாள் கம்பெனி சலானைப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கும் முன்னால் ஊழியர் பட்டியல் ஏற வேண்டும். ஜி.எஸ்.டி. பக்கம் இன்னும் சுவாரசியம். ஆகஸ்ட் 11-க்குள் ஜி.எஸ்.டி.ஆர்-1-ல் ஏறாத பில், 14-ஆம் தேதி உருவாகும் ஜி.எஸ்.டி.ஆர்-2பி அறிக்கையில் வாங்கியவர் கண்ணுக்கே தெரியாது. 2 லட்சம் ரூபாய் பில்லுக்கு 18 சதவீத வரி 36,000. அந்த வரவு தெரியாவிட்டால் வாங்கியவர் அந்த மாதம் அதை எடுக்க முடியாது. பணத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு கம்பெனிக்குத்தான் போன் போடுவார். ஆகவே விற்பனை பில்கள் எல்லாம் ஆகஸ்ட் 5-க்குள் வந்தாக வேண்டும். மடலில் “மாதத் தொடக்கத்தில் அனுப்பவும்” என்று ஜூனியர் அடித்திருந்ததை அழித்துவிட்டு, “ஆகஸ்ட் 5, மாலை 5 மணிக்குள். தாமதித்தால் உங்கள் வாடிக்கையாளருக்கு அந்த மாத வரவு கிடைக்காது” என்று மாற்றினார். தேதியும் காரணமும் ஒரே வரியில்!

அடுத்தது செயல்முறை. இங்கே மூன்றே வரிகள்: என்ன செய்வோம், எந்த வரிசையில் செய்வோம், என்ன செய்ய மாட்டோம். மூன்றாவது வரிதான் எனக்குப் புதிது. கம்பெனிச் சட்டம் 2013-ன்படி, ஒரு கம்பெனியின் கணக்கை எழுதுகிறவரே அதற்குச் சட்டப்படியான ஆடிட்டராக இருக்கக் கூடாது. “தணிக்கைக்கு வேறு ஒருவரை நியமித்திருக்க வேண்டும், அவர் விவரம் கொடுங்கள்” என்று முதல் மடலிலேயே கேட்டுவிடுகிறார்கள். மார்ச் மாதம் போய் “நீங்கதானே ஆடிட் பண்ணுவீங்க?” என்ற கேள்வி வராது.

தொடர்புகள் பகுதியில் ஐந்து பேர் பெயர் இருந்தது. அம்மா மூன்றை வெட்டினார். அன்றாட வேலைக்கு ஒருவர், அவர் இல்லாதபோது அம்மாவே. அந்தப் பக்கமும் அதே கணக்கு: கேட்டதைத் தர ஒருவர், சலானை ஒப்புக்கொள்ள ஒருவர். பெயருக்குப் பக்கத்தில் பதவி இல்லை. “சம்பளத்தில் சந்தேகமா, இவரைக் கூப்பிடுங்கள்” என்று வேலைதான் இருந்தது. பதவியைப் பார்த்து யாரும் போன் போடுவதில்லையாம்.

இப்போது எனக்கு மயிர்க்கூச்செறிந்த இடம்: வாடிக்கையாளர் தர வேண்டியவை. முதல் வரைவில் ‘ஊழியர் விவரங்கள்’ என்று ஒரே சொல். அப்படிக் கேட்டால் ஒருவர் எக்செல் தருவார், இன்னொருவர் வாட்ஸ்அப்பில் ஆதார் படம் தருவார். “பெயர், ஆதாரில் இருப்பதுபோல் எழுத்துக்கு எழுத்து” என்று அம்மா திருத்தினார். காரணம் நம் ஊர்க்காரர்களுக்கு நன்றாகவே புரியும். நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது. ஆதாரில் முன்னெழுத்து மட்டும் இருக்கும், பான் அட்டையில் அதுவே அப்பாவின் முழுப்பெயராக விரிந்திருக்கும். புதிதாகச் சேருகிறவருக்கு பி.எஃப். கணக்கு எண் எடுக்கும்போது பெயர் ஆதாரோடு பொருந்தாவிட்டால் வேலை அங்கேயே நிற்கும். கம்பெனியின் 24 பேரில் எத்தனை பேர் தமிழரோ, அத்தனை இடத்தில் இந்தப் பள்ளம் காத்திருக்கிறது.

கடவுச்சொற்களை மடலில் எழுதி அனுப்ப வேண்டாம் என்பதற்குத் தனி வரி. வங்கிக் கணக்கைப் பார்க்க மட்டும் அனுமதி போதும், பணம் அனுப்பும் அனுமதி வேண்டாம் என்பதும் அதிலேயே. டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் யாரிடம், என்றைக்குக் காலாவதி என்ற கேள்வியும் வந்தது. அதன் ஆயுள் அதிகபட்சம் 3 வருடம். கம்பெனிகள் ஜி.எஸ்.டி. தாக்கலுக்கு அதைத்தான் பயன்படுத்த வேண்டும். 20-ஆம் தேதி மாலை அது காலாவதியானது தெரியவந்தால், நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம் ஓடத் தொடங்கும், வரிப் பாக்கிக்கு 18 சதவீத வட்டியும் சேரும்.

கடைசியாக ஒரு கேள்வி: “ஜி.எஸ்.டி. பதிவில் இருக்கும் கைபேசி எண் யாருடையது? இன்று அதில் ஓ.டி.பி. வருகிறதா என்று பார்த்துச் சொல்லவும்.” இதை ஏன் இத்தனை அழுத்திக் கேட்கிறீர்கள் என்றேன். “எல்லாக் காகிதமும் வந்துடும். ஓ.டி.பி. மட்டும் வராது” என்றார்.

தலைப்புக்கு வந்தார்கள். ‘எங்கள் நிறுவனத்துக்கு நல்வரவு’ போனது. ‘ஆகஸ்ட் 5-க்குள் உங்களிடமிருந்து வேண்டிய 6 விவரங்கள்’ வந்தது. மேலே தேவைப் பட்டியல், அதன் கீழே தேதிகள், பிறகு தொடர்புகள், கடைசியில் செயல்முறை. படிப்பவர் முதல் திரையிலேயே தான் செய்ய வேண்டியதைப் பார்த்துவிட வேண்டும் என்பதற்காக இந்த வரிசை.

6.40-க்கு மடல் போனது. 7.05-க்குப் பதில்! நான் துள்ளி எழுந்தே விட்டேன். “அந்த எண் எங்கள் பழைய கணக்காளருடையது. அவர் வேலையை விட்டு எட்டு மாதம் ஆகிறது.” எண்ணை மாற்ற உள்ளே நுழைய முடியவில்லை என்றால், பதிவு எந்த அதிகாரியின் எல்லைக்குள் வருகிறதோ அவரிடம் ஆவணங்களோடு போய்த்தான் மாற்ற வேண்டும். ஒரே நாளில் முடியும் காரியம் அல்ல. ஆனால் ஜி.எஸ்.டி.ஆர்-1-க்கு இன்னும் 17 நாள் இருக்கிறது.

உங்கள் கம்பெனியின் ஜி.எஸ்.டி. பதிவில் யாருடைய எண் இருக்கிறது? இன்றே ஒருமுறை பாருங்கள்.