ஒரே சட்டிக் குழம்பு, நான்கு கணக்கு

ஜெயங்கொண்டம் பக்கத்து வீடு ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். முந்திரித் தோப்பில் வேலைபார்க்கும் மகன், பிளஸ் ஒன் படிக்கும் மகள், சமைக்கும் அம்மா, பெரும்பாலும் திண்ணையிலேயே இருக்கும் அப்பாயி. மதியச் சாப்பாடு சோறும் முருங்கைக்காய் சாம்பாரும். நான்கு பேருக்கும் தனித்தனியாகச் சமைக்க யாராலும் முடியாது. ஆனால் யார் எவ்வளவு புரதம், மாவுச்சத்து, கொழுப்பு சாப்பிட்டார்கள் என்பதை ஒரே சட்டியிலிருந்தே கணக்கிடலாம். சமையலறைத் தராசு ஒன்று போதும்.

முதல் வேலை, காலிச் சட்டியை எடைபோட்டுச் சுவரிலோ நோட்டிலோ குறித்துவைப்பது. சூடான குழம்பை வேறு பாத்திரத்துக்கு மாற்றி எடைபோட வேண்டிய பாடு இதனால் மிச்சம். அடுத்தது, சட்டிக்குள் போகும் பொருள்களைப் பச்சையாகவே நிறுப்பது. துவரம்பருப்பு 200 கிராம், எண்ணெய் 30 கிராம், முருங்கைக்காய், வெங்காயம், தக்காளி, புளி என்று வைத்துக்கொள்வோம். பருப்பில் சுமார் 660 கலோரி, எண்ணெயில் 270, மற்றவற்றில் ஏறக்குறைய 150, மொத்தம் 1080. புரதம் சுமார் 50 கிராம். தண்ணீருக்குக் கலோரி கிடையாது, ஆனால் எடை உண்டு. கொதித்து இறக்கியபின் சட்டி எடையைக் கழித்தால் குழம்பு 2 கிலோ நின்றது என்றால், 100 கிராம் சாம்பாரில் 54 கலோரி, இரண்டரை கிராம் புரதம்.

இந்தப் பச்சை எடை மதிப்புகள் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவு அட்டவணையை ஒட்டியவை. அந்த நிறுவனம் நம் குன்னூரில் 1918இல் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய ஆய்வுக்கூடத்திலிருந்து வளர்ந்தது. 1958இல்தான் ஐதராபாத்துக்குப் போனது.

சோற்றுக்கும் அதே முறைதான். 500 கிராம் அரிசி குக்கரில் வெந்து ஒன்றரைக் கிலோ ஆனால், 100 கிராம் சோற்றில் சுமார் 119 கலோரி, இரண்டரை கிராமுக்குச் சற்று மேல் புரதம். வடித்த சோறு என்றால் கஞ்சியோடு கொஞ்சம் மாவுச்சத்து வெளியேறிவிடும். குக்கர் கணக்கைப் போட்டால் சற்றுக் கூடுதலாகக் காட்டும். கஞ்சியை வீட்டிலேயே குடிப்பவர் இருந்தால் அவர் கணக்கில் சேருங்கள்.

இனி பங்கீடு. மகனின் தட்டைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, 550 கிராம் சோறு, 400 கிராம் சாம்பார்: சுமார் 870 கலோரி, 24 கிராம் புரதம். நடுத்தர உழைப்புள்ள ஆணுக்கு நாளுக்கு 2710 கலோரி என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு இது சற்றுத்தான் குறைவு.

அப்பாயிக்கு அதே தட்டைச் சுருக்கி வைத்தால் போதும் என்று தோன்றும். இங்கேதான் சட்டிக் கணக்கு காலை வாருகிறது. அளவைக் குறைத்தால் கலோரியோடு புரதமும் குறையும்: 500 கலோரிக்கு 14 கிராம்தான் தேறும். ஆனால் உடல் அசைவு குறைந்தாலும் புரதத் தேவை அந்த அளவுக்குக் குறைவதில்லை. அது உடல் எடையைப் பொறுத்தது. ஆகவே விகிதத்தை மாற்ற வேண்டும். 200 கிராம் சோறு, 350 கிராம் சாம்பார்: 427 கலோரியிலேயே அந்த 14 கிராம் கிடைத்துவிடும். கூடவே ஓர் அவித்த முட்டை வைத்தால், 500 கலோரிக்குள் 20 கிராம். சட்டி ஒன்றே, மாறியது சோற்றுக்கும் குழம்புக்குமான பங்குதான்.

தராசு காட்டாத தவறு ஒன்று இருக்கிறது. பருப்பு அடியில் தங்கும், தாளித்த எண்ணெய் மேலே மிதக்கும். முதலில் ஊற்றிக்கொள்பவருக்குத் தெளிவும் எண்ணெயும், கடைசியில் சாப்பிடுபவருக்கு அடிக்கெட்டியும் போகும். எடை ஒன்றாக இருக்கும், சத்து ஒன்றாக இருக்காது. ஒவ்வொரு தட்டுக்கும் முன்பு அடிவரை கிளறித்தான் மொள்ள வேண்டும். முருங்கைக்காய்ச் சக்கையை எச்சிலோடு எடைபோட்டுக் கழிப்பது என் பார்வையில் வீண் வேலை; எண்ணெயைச் சரியாக அளப்பதுதான் பலன் தரும். கை தவறி ஒரு கரண்டி கூடினால் நூறு கலோரிக்கு மேல் போய்விடும்.

இரவுக்குச் சூடுபண்ணும்போது குழம்பு வற்றும். மதியத்தில் மீந்தது 700 கிராம், வற்றியபின் 600 என்றால் கலோரி அப்படியே இருக்கிறது. எடை மட்டும் குறைந்தது. மீந்த 378 கலோரியை 600 கிராமுக்குப் பங்கிட்டால் 100 கிராமுக்கு 63. பழைய 54ஐ வைத்து எழுதினால் இரவுக் கணக்கு குறைவாகக் காட்டும்.

கணக்கு சரியா என்று பார்க்க வழி எளிது: எல்லாத் தட்டின் எடையும், சட்டியில் மீந்ததும் சேர்ந்து முதல் எடைக்குக் கிட்டத்தட்ட வர வேண்டும். வராவிட்டால் யாரோ இரண்டாம் முறை வாங்கியதைக் குறிக்கவில்லை. பெரும்பாலும் இந்த இடைவெளி அம்மாவின் கணக்கில்தான் விழும், ஏனென்றால் அவர் கடைசியில் மீந்ததைச் சாப்பிடுகிறார். மீந்ததை அவர் பங்கு என்று எழுதாதீர்கள். மற்றவர் தட்டோடு அவர் தட்டையும் எடைபோட்டு, முன்பே எடுத்துவையுங்கள்.